11-ந் தேதிக்கு முன் ஒரு மெயில்

கேள்வி: கோயம்புத்தூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். சப்ளையர் மாதாமாதம் தாக்கல் செய்யும் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-இல் எங்களுக்குப் போட்ட பில் ஏறவில்லை என்றால் மெயில் போட்டு வாங்குவது என் வேலை. “மிக அவசரம்”, “உடனடியாகச் செய்யவும்” என்று எழுதினால் பதிலே வருவதில்லை. போன மாதம் காஸ்டிங் சப்ளையர் ஒருவர் கோபித்துக்கொண்டார். மரியாதை குறையாமல், ஆனால் இது நிஜமாகவே அவசரம் என்று புரியும்படி எப்படி எழுதுவது?

பதில்:

“அவசரம்” என்ற சொல் உங்கள் நிலைமையைச் சொல்கிறது. அவர் என்ன செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும், ஏன் அப்போது என்ற மூன்றையும் அது சொல்வதில்லை. படிப்பவருக்கு அந்த மூன்றும் கிடைத்துவிட்டால் “அவசரம்” என்று எழுத வேண்டிய தேவையே இருக்காது. அந்த மூன்றும் கிடைக்காவிட்டால் அதைப் பத்து முறை எழுதினாலும் வேலை நடக்காது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு வார்ப்புப் பட்டறைக்காரருக்கு “மிக மிக அவசரம்” என்று தலைப்புப் போட்டு ஒரு மெயில் அனுப்பினேன். எங்கள் முதலாளி, மேனேஜர், அவருடைய ஆடிட்டர் என்று எல்லோருக்கும் காப்பி போட்டிருந்தேன். மாலையில் அவர் போன் செய்தார். “தம்பி, மெயிலை ரெண்டு தடவை படிச்சுட்டேனுங்க. அவசரம்னு தெரியுது. நான் என்ன பண்ணோணும்னு அதுல இல்லைங்களே” என்றார். மறுபடி படித்துப் பார்த்தேன். பில் நம்பர்கூட எழுதியிருக்கவில்லை. ஆடிட்டருக்கு முன்னால் அவரைத் தலைகுனிய வைத்ததுதான் அந்த மெயிலால் நடந்த ஒரே காரியம்.

உங்கள் வேலையையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். இதில் தேதிகள் சட்டத்திலேயே இருப்பதால், காரணத்தையும் நேரத்தையும் எப்படித் தேடிப் பிடிப்பது என்று தெளிவாகக் காட்ட முடியும்.

நவம்பர் 21-ந் தேதி போட்ட பில், எண் 1187, என்று வைத்துக்கொள்வோம். சரக்கு மதிப்பு 4,00,000 ரூபாய், 18 சதவீத வரி 72,000 ரூபாய். சப்ளையர் மாதாமாதம் தாக்கல் செய்பவர். ஆண்டு வியாபாரம் 5 கோடிக்குள் என்பதால் இ-இன்வாய்ஸ் கிடையாது. பில்களை அவர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஏற்றுகிறார்கள். அவருக்கு நவம்பர் ஜிஎஸ்டிஆர்-1-இன் கடைசி நாள் டிசம்பர் 11. அன்று இரவு வரை தாக்கலானவை 14-ந் தேதி உருவாகும் உங்கள் 2பி-யில் வரும். வாங்கிய சரக்குக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் கிரெடிட்டின் பட்டியல்தான் இந்த 2பி. அதைப் பார்த்து 20-ந் தேதிக்குள் நீங்கள் மாத வரிக் கணக்கான 3பி போட்டு வரி கட்ட வேண்டும். 2022 ஜனவரி முதல் 2பி-யில் வராத பில்லுக்கு அந்த மாதம் கிரெடிட் எடுக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

டிசம்பர் 8, திங்கட்கிழமை காலை, சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி தளத்தின் ஐஎம்எஸ் பக்கத்தைத் திறக்கிறீர்கள். அவர் சேமித்த பில்கள் தாக்கலுக்கு முன்பே அங்கே தெரியும். அவருடைய நான்கு நவம்பர் பில்களில் மூன்று இருக்கின்றன, 1187 மட்டும் இல்லை. ஒன்றுமே இல்லாவிட்டால் அவர் இன்னும் ஏற்ற ஆரம்பிக்கவில்லை என்றுகூட இருக்கலாம். அதற்கு இவ்வளவு கவலைப்பட வேண்டாம். நான்கில் ஒன்று மட்டும் இல்லை என்றால் அது விடுபட்டிருக்க வேண்டும், அல்லது உங்கள் ஜிஎஸ்டி எண் இல்லாமல் சில்லறை விற்பனைக் கணக்கில் போயிருக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை மெயில் எழுதும் முன் நீங்களே பார்த்துவிட வேண்டும். காரணம் தெரியாமல் எழுதும்போதுதான் “உடனடியாகச் சரிசெய்யவும்” போன்ற வார்த்தைகள் தானாக வந்து விழுகின்றன.

இப்போது நேரம். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். சட்டம் சொல்வது 11 என்பதால் “11-ந் தேதிக்குள்” என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அவருடைய ஆடிட்டர் 10-ந் தேதி காலையிலேயே தாக்கல் செய்துவிடுவார் என்றால், 10-ந் தேதி மதியம் உங்கள் மெயிலைப் படித்து என்ன பயன்? தாக்கல் முடிந்த பிறகு திருத்தப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1ஏ வழியாகச் சேர்த்தாலும் உங்களுக்கு அது அடுத்த மாத 2பி-க்குத்தான் வந்து சேரும். ஆக, நிஜமான கெடு ஆடிட்டர் தாக்கல் செய்யும் நேரம். அது 10-ந் தேதி காலை என்றால், உங்கள் மெயிலில் இருக்க வேண்டியது 9-ந் தேதி மாலை. இதை ஊகிக்க வேண்டாம். போன மாதம் பேசியபோது அவர் சொல்லியிருப்பார், இல்லாவிட்டால் “ஆடிட்டர் எப்போது தாக்கல் செய்கிறார் சார்?” என்று முன்கூட்டியே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

நேரத்தை எழுதும் விதத்திலும் கவனம் வேண்டும். “செவ்வாய்க்கிழமைக்குள்” என்றால் செவ்வாயும் சேருமா, திங்கள் இரவோடு முடிகிறதா என்பதில் நம் ஊரிலேயே இரண்டு பேருக்கு இரண்டு கருத்து இருக்கும். “நாளைக்குள்” என்பதை அவர் மறுநாள் காலையில் படித்தால் ஒரு நாள் தள்ளிப்போய்விடும். “மாலைக்குள்” என்பது சிலருக்கு நான்கு மணி, பட்டறைக்காரருக்கு ஏழு மணி. “முடிந்தவரை சீக்கிரம்” என்பது எல்லாவற்றையும் விட மோசம். எப்போது என்று முடிவு செய்யும் பாரத்தை அவர் தலையில் வைத்துவிட்டு, பிறகு அவர் தாமதித்தார் என்று நாம் வருத்தப்படுகிறோம். “டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்குள்” என்று தேதி, கிழமை, மணி மூன்றையும் போடுங்கள். கிழமையையும் எழுதினால், தேதியில் நீங்கள் தப்பு செய்திருந்தாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்தது காரணம். காரணம் உண்மையாக இருக்க வேண்டும், உள்ள அளவுக்கு மட்டும் இருக்க வேண்டும். “இந்தப் பில் ஏறாவிட்டால் எங்களுக்கு 72,000 ரூபாய் நஷ்டம்” என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உண்மையல்ல. கிரெடிட் போய்விடாது. அவர் பிறகு ஏற்றினாலும் எடுத்துக்கொள்ளலாம். நிதியாண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30 வரை சட்டம் இடம் தருகிறது. இந்த மாதம் நடக்கப்போவது என்னவென்றால், கையில் வேறு கிரெடிட் மிச்சமில்லாவிட்டால் 20-ந் தேதி அந்த 72,000-ஐ உங்கள் கம்பெனி பணமாகக் கட்ட வேண்டும். ஒரு மாதம் அந்தப் பணம் முடங்கும். சிறிய கம்பெனிக்கு இதுவே போதுமான காரணம். சம்பளமும் மின்சாரக் கட்டணமும் கட்டும் காலத்தில் 72,000 ரூபாய் என்றால் என்னவென்று பட்டறை நடத்துகிறவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பெரிதாக்கிச் சொன்னால் அவர் ஆடிட்டரிடம் கேட்பார், “அதெல்லாம் அடுத்த மாதம் எடுத்துக்கலாமுங்க” என்று பதில் வரும், அதற்கப்புறம் உங்கள் எந்த மெயிலையும் அவர் நம்பமாட்டார். உங்கள் கம்பெனியில் போதுமான கிரெடிட் மிச்சம் இருக்கிறது, பணமாகக் கட்ட வேண்டி வராது என்றால், இது அவசரமே இல்லை. அப்போது இந்த மெயிலைச் சாதாரணமாக எழுதுங்கள்.

இவ்வளவும் கைக்கு வந்தபின் மெயில் தானாக அமைந்துவிடும். திங்கட்கிழமை காலை அனுப்புவதாக இப்படி எழுதலாம்:

> தலைப்பு: டிசம்பர் 9 மாலை 4 மணிக்குள் – பில் 1187 – ஜிஎஸ்டிஆர்-1-இல் சேர்க்க
>
> வணக்கம் சார்,
>
> நவம்பர் 21 தேதியிட்ட உங்கள் பில் 1187-ஐ எங்கள் ஜிஎஸ்டி எண்ணுடன் நவம்பர் ஜிஎஸ்டிஆர்-1-இல் சேர்த்துத் தர வேண்டும். நாளை, டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்குள் செய்து தர முடியுமா?
>
> உங்கள் ஆடிட்டர் 10-ந் தேதி காலையில் தாக்கல் செய்வார் என்று போன மாதம் சொல்லியிருந்தீர்கள். அதற்குப் பிறகு சேர்த்தால் எங்களுக்கு அடுத்த மாதம்தான் வந்து சேரும். இந்தப் பில்லின் வரி ரூ.72,000-ஐ 20-ந் தேதி நாங்கள் பணமாகக் கட்ட வேண்டியிருக்கும்.
>
> உங்கள் மற்ற மூன்று நவம்பர் பில்களும் எங்களுக்குத் தெரிகின்றன. இது மட்டும் எங்கள் எண் இல்லாமல் ஏறியிருக்கலாம் என்று நினைக்கிறேன். பில் நகலை இணைத்திருக்கிறேன். எங்கள் ஜிஎஸ்டி எண் கீழே இருக்கிறது.
>
> 4 மணிக்குள் முடியாது என்றால், எப்போது முடியும் என்று ஒரு வரி அனுப்புங்கள். அதற்கேற்ப இங்கே பணத்துக்கு ஏற்பாடு செய்துகொள்கிறேன்.
>
> நன்றி.

இதில் “அவசரம்”, “உடனடி”, “தாமதமின்றி” என்று ஒரு சொல்கூட இல்லை. ஆனால் படித்ததும் நாளை மாலைக்குள் செய்ய வேண்டிய வேலை என்று தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதும் பழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால் வரிசையை மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். கேட்க வேண்டியதும் நேரமும் முதலில், காரணம் அடுத்து, உதவிக்கானது அதற்கடுத்து. பட்டறையில் நிற்கிறவர் போனில்தான் மெயிலைப் பார்ப்பார். தலைப்பும் முதல் வரியும்தான் திரையில் தெரியும். “தாங்கள் நலமா, தங்களுடன் நீண்டகாலமாக வியாபாரம் செய்வதில் மகிழ்ச்சி” என்று ஆரம்பித்தால் அவர் கண்ணில் படுவது அது மட்டும்தான்.

மரியாதையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது வினைச்சொல்லின் முடிவில் இருக்கிறது. “சேர்க்கவும்”, “அனுப்பவும்” என்று எழுதுவதை நாம் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அறிவிப்புப் பலகையின் மொழி. “வரிசையில் நிற்கவும்” என்பதைப் போலக் காதில் விழும். “சேர்த்து விடுங்கள்” என்பது பழகியவரிடம் சொல்வது, கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்வது. “சேர்த்துத் தர முடியுமா?” என்று கேட்டால் அவர் நமக்காக ஒன்றைச் செய்கிறார் என்பதை ஒப்புக்கொள்கிறோம். அந்த “தர” என்ற சின்னச் சொல்தான் இதில் வேலை செய்கிறது. கேள்வியாகக் கேட்டதால் கெடு தளர்ந்துவிடாது. மணி உறுதியாக இருக்கிறதே. வார்த்தை மென்மையாகவும் நேரம் உறுதியாகவும் இருக்கட்டும். பல மெயில்களில் இது தலைகீழாக இருக்கிறது: வார்த்தை கடுமையாக இருக்கும், நேரம் எங்குமே இருக்காது.

அதேபோல் “நீங்கள் எங்கள் எண்ணைப் போட மறந்துவிட்டீர்கள்” என்பதும் “எங்கள் எண் இல்லாமல் ஏறியிருக்கலாம்” என்பதும் ஒரே செய்திதான். முதலாவதில் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். பில் போட்ட பையன் லீவு, மென்பொருளில் கோளாறு என்று பதில் எழுதுவதிலேயே செவ்வாய்க்கிழமை போய்விடும். இரண்டாவதில் அவர் பில்லைத் திறந்து பார்ப்பார். தவறு உங்கள் பக்கமாகவும் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். ஆர்டர் கொடுத்தபோது உங்கள் ஆள்கள் ஜிஎஸ்டி எண் கொடுக்காமல் விட்டிருக்கலாம். அதனால்தான் எண்ணைக் கீழே போடச் சொன்னேன். அவர் தேட வேண்டியதை நீங்களே எடுத்து வைத்தால் பத்து நிமிட வேலை இரண்டு நிமிடமாகும், அவருக்கு அது தெரியும்.

நேரம் குறைவாக இருப்பதற்கு நீங்களே காரணம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். 10-ந் தேதி காலை 9 மணிக்குத்தான் பார்க்கிறீர்கள், 11 மணிக்கு அவர் தாக்கல் செய்யப்போகிறார் என்றால், “நான் முந்தாநாளே பார்த்திருக்க வேண்டும், இன்றுதான் பார்த்தேன்” என்ற ஒரு வரி போதும். இரண்டு மணி நேரத்தில் செய்து தரச் சொல்லும்போது, அந்தக் குறுகிய நேரம் யாருடைய தவறால் வந்தது என்ற கேள்வி அவர் மனதில் கட்டாயம் எழும். பதிலை நீங்களே கொடுத்துவிட்டால் அவர் வேலையைப் பார்ப்பார். ஆனால் “மன்னிக்கவும், தொந்தரவுக்கு மன்னிக்கவும், தவறாக நினைக்க வேண்டாம்” என்று மூன்று வரி எழுதினால் கேட்க வந்ததே மறைந்துவிடும். இவ்வளவு குறைந்த நேரம் இருக்கும்போது மெயில் மட்டும் போதாது. முதலில் போன், பேசியதை உறுதிப்படுத்த மெயில்.

“பேமெண்ட் நிறுத்தப்படும்” என்ற வரியைப் பற்றி. வரித்தொகை 2பி-யில் வந்த பிறகே கொடுப்போம் என்று சில கம்பெனிகளில் முறை உண்டு. உங்கள் கம்பெனியிலும் அப்படி இருந்தால் அதை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். அப்படி ஒரு முறையே இல்லாமல், வேகம் காட்டுவதற்காக அந்த வரியை எழுதாதீர்கள். உங்களைக் கோபித்துக்கொண்ட சப்ளையர் பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு வரிக்குத்தான் கோபித்திருப்பார் என்று நினைக்கிறேன். நாளைக்கு உங்கள் முதலாளி வழக்கம்போல் பணம் கொடுத்துவிட்டால், நீங்கள் எழுதியது வெறும் மிரட்டல் என்று தெரிந்துவிடும். முதலாளிக்கும் மற்றவர்களுக்கும் காப்பி போடுவதும் இதே வகைதான். முதல் மெயில் அவருக்கு மட்டும் போகட்டும்.

4 மணி ஆயிற்று, பதில் இல்லை. மூன்று மணிக்கே ஒரு நினைவூட்டல் அனுப்பத் தோன்றும், அனுப்பாதீர்கள். நீங்கள் கொடுத்த நேரத்தை நீங்களே மதிக்க வேண்டும். 4 மணி தாண்டியதும் ஐஎம்எஸ்-ஐ ஒருமுறை பாருங்கள். பலர் வேலையை முடித்துவிட்டுப் பதில் போட மறந்துவிடுவார்கள். பில் இன்னும் வரவில்லை என்றால் போன் செய்யுங்கள். எடுக்கவில்லை என்றால் இரண்டாவது மெயில். அதில் “நினைவூட்டல்” என்று தலைப்புப் போட்டுப் பழைய மெயிலையே திருப்பி அனுப்பினால் அவருக்குப் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கிறது, நீங்கள் அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்:

> சார், 4.20-க்குப் பார்த்தேன், பில் 1187 இன்னும் வரவில்லை. போனில் கூப்பிட்டேன், கிடைக்கவில்லை. நாளை காலை தாக்கலுக்கு முன் சேர்த்துவிட்டாலும் போதும். காலை 9.30-க்கு உங்களை ஒருமுறை கூப்பிடுகிறேன். அதற்குள் ஆடிட்டரிடம் நேரடியாகப் பேசலாம் என்றால் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

ஆடிட்டரிடம் பேச அவரிடம் அனுமதி கேட்டிருப்பதைக் கவனியுங்கள். கேட்காமல் பேசினால் வேலை முடியலாம், அவர் மனம் கசந்துபோகும். 9.30 என்று எழுதிவிட்டால் 9.30-க்குக் கூப்பிட வேண்டும். அடுத்த மாதம் நீங்கள் எழுதும் நேரத்துக்கு மதிப்பு இருக்குமா என்பது இதைப் பொறுத்திருக்கிறது.

இந்த முறை வேலை செய்யாத இடம் ஒன்றும் உண்டு. சப்ளையர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவராக இருந்தால், நவம்பர் பில்லை அவர் ஜனவரி 13-ந் தேதிக்குள் ஏற்றினால் போதும். இடைப்பட்ட மாதங்களின் பில்களை ஐஎஃப்எஃப் என்ற வசதி வழியாக அடுத்த மாதம் 13-ந் தேதிக்குள் ஏற்றலாம், ஆனால் அது அவர் விருப்பம். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை, அவருக்குக் கெடுவும் இல்லை. அவரிடம் 9-ந் தேதி 4 மணி என்று எழுதுவது பொருத்தமில்லாத வற்புறுத்தல். “இந்த மாதம் ஐஎஃப்எஃப்-இல் போடுகிறீர்களா? போடுவதாக இருந்தால் 1187-ஐயும் சேர்த்துத் தர முடியுமா?” என்று கேட்கலாம். போடவில்லை என்றால் 72,000-க்கு வேறு ஏற்பாடு செய்வதுதான் வழி. அப்படிப்பட்ட சப்ளையர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால், அவர்களுக்கு வீணாக மெயில் போடுவது நின்றுவிடும்.

பில் ஏறிவிட்டது என்று தெரிந்ததும் அன்றே ஒரு வரி அனுப்புங்கள்: “வந்துவிட்டது சார், பார்த்துவிட்டேன்.” 14-ந் தேதி 2பி உருவானதும் அதிலும் பார்த்துவிட்டு இன்னொரு வரி: “2பி-யிலும் சரியாக வந்திருக்கிறது, 20-ந் தேதிக்கு இனி சிரமமில்லை, நன்றி.” நீங்கள் சொன்ன காரணம் உண்மைதான் என்பதை அவர் பார்ப்பது அந்த வரியில்தான். ஜனவரியில் இன்னொரு பில் விடுபட்டு மறுபடி மெயில் போடும்போது அது அவருக்கு ஞாபகம் இருக்கும்.